நாற்பதாம் திருமண நாளுக்கு அம்மா அப்பாவுக்குக் கடிதம்: எதில் தொடங்கி எப்படி முடிப்பது

நாற்பதாம் திருமண நாளுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. "அன்பின் சிகரமே, தியாகத்தின் திருவுருவமே" என்று தொடங்கும், நடுவில் "எத்தனையோ இன்னல்களைத் தாங்கி எங்களை ஆளாக்கினீர்கள்" என்று ஒரு வரி வரும், கடைசியில் நூறாண்டு வாழ வாழ்த்தி முடியும். அதில் இருக்கும் பெயர்களை எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அங்கிள், ஆண்ட்டி பெயரைப் போட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அழைப்பிதழ் அடிக்கும் வேலை எனக்கு. 1980களில் ரப்பர் தோட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு இப்போது வரிசையாக நாற்பது வந்துகொண்டிருப்பதால், இந்தக் கடிதங்களோடு வருபவர்கள் அதிகம். எழுத வருபவர்கள் இடறும் இடம் ஒன்றுதான்: கஷ்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். அம்மா அப்பாவை உட்காரவைத்து "நீங்க பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்க" என்று கேட்டால் வருவது ஊருக்கே பொதுவான பதில். வரிசையை மாற்றிப் பாருங்கள். இன்றைக்கு வீட்டில் அவர்கள் செய்யும் சின்னப் பழக்கத்தை முதலில் பிடியுங்கள், அங்கிருந்து பின்னால் போய்க் கஷ்டத்தைத் தேடுங்கள்.

கீழே வரும் உதாரணம் ஒரு மகள் எழுதிய கடிதம். பெற்றோர் 1985-ல் தோட்டத்தில் கல்யாணம் செய்தவர்கள், இப்போது டவுன் பக்கத்தில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறார்கள். அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

திருமணச் சான்றிதழ், பழைய ஆல்பம் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சிவில் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ல் நடப்புக்கு வந்தது. அதனால் 1985-ல் கல்யாணம் செய்தவர்களிடம் பெரும்பாலும் பதிவுச் சான்றிதழ் இருக்கும். ஆனால் அதில் இருக்கும் தேதியும் கோயிலில் தாலி கட்டிய தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பதிவை முன்கூட்டியே முடித்தவர்கள் உண்டு, கல்யாணம் முடிந்து ஆற அமரப் போய்ப் பதிந்தவர்களும் உண்டு.

பிள்ளைகள் சான்றிதழைப் பார்த்து ஒரு தேதியை எழுத, அம்மா மனதில் வேறு தேதி இருக்கும். கடிதத்தின் முதல் வரியே அவருக்குத் தப்பாகப் படும், அப்புறம் மீதியை அவர் கேட்கும் விதமே மாறிவிடும். தாலி கட்டிய நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் பத்திரிகை ஒட்டியிருந்தால் தேதி அதிலேயே இருக்கும், இல்லையென்றால் அத்தையையோ சித்தியையோ கேளுங்கள். மூன்று வாரத்துக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த படி அவசரத்தில் நடக்காது.

இன்னொன்றும் உண்டு. அப்பாவுக்கு அறுபது நிறைந்தபோது மணிவிழா செய்திருந்தால், அன்று வாசித்த வாழ்த்து மடலைத் தேடியெடுத்துப் படித்துவிடுங்கள். அதில் சொன்னதையே இப்போதும் சொன்னால் கூட்டத்தில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

2. எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

வீட்டுக்குள் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது வாசிப்பது ஒரு கடிதம், மண்டபத்தில் இருநூறு பேர் பிரியாணிக்குக் காத்திருக்கும்போது வாசிப்பது வேறு கடிதம். எழுதி முடித்த பிறகு இதை யோசித்தால் பாதியை வெட்ட வேண்டியிருக்கும், வெட்டுப்படுவது எப்போதும் நல்ல பாதியாகத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால் மண்டபத்தில் வேண்டாம். ஒலிபெருக்கி இரைச்சலில் சின்ன விஷயங்கள் காதில் ஏறாது, இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். காலையில் கோயிலுக்குப் போய்வந்து பசியாறி முடித்த நேரம் நல்ல நேரம். மண்டபத்தில்தான் வாசித்தாக வேண்டும் என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், அதாவது ஏறக்குறைய முந்நூறு சொல்.

3. பழக்கத்தைக் கேட்காதீர்கள், பாருங்கள்

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன பழக்கம் இருக்கு?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, எல்லாரையும் போலத்தான்" என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும். பழக்கம் என்பது செய்கிறவருக்கே தெரியாது, அதனால்தான் அதைக் கேட்டு வாங்க முடிவதில்லை. ஒரு சனிக்கிழமை இரவு அங்கே தங்கி, ஞாயிறு காலையில் அவர்கள் எழுவதற்கு முன் எழுந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், மூன்று இடம் போதும். படுக்கப் போகும் முன் என்ன செய்கிறார்கள், காலையில் முதல் தேநீர் எப்படிப் போகிறது, காசு கைமாறும்போது என்ன நடக்கிறது. ஒருவர் செய்வதை மட்டும் குறிக்காமல், அதற்கு மற்றவர் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "அப்பா நாலரைக்கு எழுவார்" என்பது ஒரு ஆளைப் பற்றியது. "அப்பா நாலரைக்கு எழுந்து விளக்கைப் போடாமலே தடவித் தடவி அடுப்படிக்குப் போவார், அம்மா தூங்குவது மாதிரியே படுத்திருப்பார்" என்றால்தான் அது கல்யாணத்தைப் பற்றியது.

அந்த மகள் எழுதிக்கொண்டு வந்தது இது. இரவு கதவைப் பூட்டும் முன் அப்பா பின்பக்கக் கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டி, வானத்தைப் பார்ப்பார். மப்பாக இருந்தால் உள்ளே திரும்பி "நாளைக்கு வெட்டு இருக்காது போல" என்பார். அம்மா "சரி, கதவ சாத்துங்க" என்பார். அவ்வளவுதான். அப்பா பால் வெட்டுவதை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தத் தாமான் பக்கத்தில் ஒரு பால்மரம்கூடக் கிடையாது.

இரண்டாவது: அம்மா கடைக்குப் போய்வந்தால் இன்றைக்கும் 555 புத்தகத்தில் கணக்கு எழுதுவார். எழுதி முடித்ததும் அப்பா பக்கத்தில் வைத்துவிடுவார். அப்பா அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார், எடுத்து டிவிக்கு மேலே வைத்துவிடுவார்.

ஏழெட்டுப் பழக்கம் கிடைத்தாலும் இரண்டு அல்லது மூன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எதை எடுப்பது என்றால், இன்றைக்கு ஒரு தேவையும் இல்லாமல் தொடர்கிற பழக்கத்தை எடுங்கள். தேவை இல்லாமல் ஒன்று தொடர்கிறது என்றால் அது எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று அர்த்தம்.

4. அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள்

இப்போதுதான் கேள்வி கேட்க வேண்டும், அதுவும் இரண்டு பேரிடமும் தனித்தனியாக. சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் பேச மற்றவர் தலையாட்டுவார், அல்லது "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று ஒருவர் மற்றவரை அடக்கிவிடுவார்.

"அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று மனதைப் பற்றிக் கேட்காதீர்கள், பொருளைப் பற்றிக் கேளுங்கள். அந்த லயத்து வீட்டில் எந்தப் பக்கம் ஒழுகியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, மளிகைக்கடைக் கடன் மாதக் கடைசியில் எவ்வளவு நின்றது, அடகுக்கடைக்கு முதலில் போனது எது. பொருளைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை வரும், மனதைக் கேட்டால் எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்.

வருஷம் கேட்டால் பெரும்பாலும் நினைவிருக்காது. அதற்கு ஊருக்கே தெரிந்த நிகழ்ச்சியைக் கொக்கியாகப் போடுங்கள். 1985-ல் பொருளாதாரம் சரிந்து ஈய விலையும் விழுந்தபோது நீங்கள் எந்த வீட்டில் இருந்தீர்கள், 1998-ல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது அப்பாவுக்கு என்ன வேலை, 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீட்டில் யார் யார் இருந்தீர்கள். இதைவிட நன்றாக வேலை செய்வது பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கணக்கு. "அண்ணன் ஒன்றாம் வகுப்புப் போன வருஷம்" என்றால் அம்மாக்களுக்கு எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

மழைப் பழக்கத்துக்கு வருவோம். பால் வெட்டு என்பது விடிவதற்கு முன் நடக்கும் வேலை, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரத்தில் பரவி மழைத் தண்ணீரோடு போய்விடும், அதனால் மழை பெய்தால் வெட்டு இல்லை. அந்தத் தோட்டத்தில் வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. இதெல்லாம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். மகளும் இதுவரைக்கும் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார், "மழை வந்தால் சம்பளம் போய்விடுமே என்று அப்பா கவலைப்பட்டார்" என்று எழுதவும் தொடங்கிவிட்டார்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது: வானத்தைப் பார்த்துவிட்டு அதை ஏன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்? அதைப் போய் அம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கல்யாணமான முதல் மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், நாள்கணக்கில் வெட்டில்லாமல் போயிருக்கிறது. மளிகைக் கடையில் இதற்கு மேல் கடன் இல்லை என்றார்கள். அப்போதிலிருந்து மறுநாள் வெட்டு இருக்காது என்று தெரிந்தால் அம்மா இரவே அரிசி ஊறப்போடுவதை நிறுத்திவிடுவாராம். லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளியைக் காலையில் பிடுங்கி அவித்தால் அரிசி இன்னொரு நாளைக்கு வரும். அப்பா வானத்தைப் பார்த்தது அரிசியை ஊறப்போடலாமா வேண்டாமா என்று அம்மாவுக்குச் சொல்வதற்காக.

அப்பாவிடம் கேட்டிருந்தால் இது கிடைத்திருக்காது, மழையைப் பற்றி மட்டும் பேசியிருப்பார். எந்தப் பழக்கமானாலும் அதை வாங்கிக்கொள்கிறவரிடமும் போய்க் கேட்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

5. இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால்

ஒத்துப்போகாது, அதில் சந்தேகமே வேண்டாம். அந்த மழைக்காலம் ஒரு மாதம் என்பது அப்பா கணக்கு, தை வரைக்கும் என்பது அம்மா கணக்கு. இதில் பஞ்சாயத்து செய்யப் போகாதீர்கள். எண்ணில் தகராறு என்றால் எண்ணை விட்டுவிடுங்கள், "அந்த மழைக்காலம்" என்று எழுதினால் இரண்டு பேரும் ஒத்துக்கொள்வார்கள். இருவரும் தனித்தனியாகச் சொல்லி ஒன்றாக வந்த பொருள்கள் மட்டும் கடிதத்தில் இருக்கட்டும்.

ஆனால் ஒரு வகை முரண்பாட்டில் மட்டும் நின்று யோசியுங்கள். தாலிக்கொடி ஒரு தடவை அடகுக்கடைக்குப் போனது என்றார் அப்பா. அம்மா பேச்சுவாக்கில் "ரெண்டாந்தரம் வச்சப்போ" என்று சொல்லிவிட்டார். மகள் அப்பாவுக்கு மறதி என்று நினைத்துக்கொண்டு "இரண்டு முறை தாலிக்கொடியை அடகு வைத்து மஞ்சள் கயிற்றோடு நின்றீர்கள்" என்று எழுதிவிட்டார். நல்ல வரிதான். ஆனால் இரண்டாவது தடவை அண்ணனுடைய பள்ளிச் செலவுக்காக அப்பாவுக்குத் தெரியாமல் வைத்தது. ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் போய்விடும் என்று பயந்து, கூட்டுப் பணம் எடுத்து மீட்டு, அப்பா கவனிக்கும் முன் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். அது இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது.

எண்ணிக்கை ஒருவரிடம் கூடுதலாகவும் மற்றவரிடம் குறைவாகவும் வந்தால், கூடுதலாகச் சொன்னவரைத் தனியாகக் கூப்பிட்டு "இது அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார் அம்மா, மகளும் எடுத்துவிட்டார்.

6. வெளியே வைக்க வேண்டியவை

அப்பாவின் குடி, மாமியார் சண்டை, பணம் கேட்டபோது கைவிரித்த பெரியப்பா. இவற்றை எழுதக்கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பெயர் சொல்லாமல் "உறவுகள் கைவிட்டபோது" என்று எழுதினாலும் ஊருக்கே தெரியும் யார் என்று, அது பெயரைச் சொல்வதைவிட மோசம். பிறந்து இறந்த குழந்தை இருந்தால் அம்மாவைக் கேட்காமல் தொடாதீர்கள். சிலர் அந்தப் பெயரையும் சொல்லச் சொல்வார்கள், சிலர் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்கள்.

இன்னொரு பக்கம், அம்மாவை மட்டும் தூக்கிவைப்பது. நிறையக் கடிதங்களில் கஷ்டமெல்லாம் அம்மா பட்டதாகவும் அப்பா ஏதோ கூடவே வந்தவராகவும் இருக்கும், அப்பா சிரித்துக்கொண்டே கேட்பார், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். எழுதி முடித்தபின் ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு பேரும் ஏதாவது செய்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் இருக்கும் பத்தி நன்றிக் கடிதத்துக்கு உரியது.

7. எழுதும் வரிசை

ஒவ்வொரு பத்தியும் இன்றைக்கு நடப்பதில் தொடங்கி, பழையதற்குப் போய், அங்கேயே நிற்கட்டும். திரும்ப இன்றைக்கு வந்து "இதுதான் உண்மையான அன்பு" என்று விளக்கம் கொடுக்காதீர்கள், கேட்பவர்களுக்கு அது புரிந்திருக்கும்.

விளிப்பதில் ஒரு சின்னக் குழப்பம் வரும். பல வீடுகளில் அம்மாவை "நீ" என்றும் அப்பாவை "நீங்க" என்றும் பேசுவோம். எழுத்தில் இரண்டு பேருக்கும் "நீங்கள்" போடுவது நல்லது, பத்திக்குப் பத்தி "அப்பா," "அம்மா," என்று அழைத்துப் பேசினால் யாரிடம் சொல்கிறீர்கள் என்று தெரியும். அவர்கள் வாயால் சொன்னதை மட்டும் பேச்சு மாறாமல் அப்படியே போடுங்கள். "நாளை பால்வெட்டுப் பணி நடைபெறாது" என்று திருத்தினால் அது அப்பா பேசியது இல்லை.

மகள் எழுதியதில் முதல் இரண்டு பத்தி இப்படி வந்தது:

"அப்பா, அம்மா. நேற்று ராத்திரியும் அப்பா பின்கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தீர்கள். 'நாளைக்கு வெட்டு இருக்காது போல' என்றீர்கள். அம்மா, நீங்கள் 'சரி, கதவ சாத்துங்க' என்றீர்கள். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தும் எனக்கு அர்த்தம் தெரியாது. கல்யாணமான முதல் மழைக்காலத்தில் கடையில் கடன் கொடுக்க மாட்டோம் என்றபோது, அப்பா சொல்வதை வைத்துத்தான் அரிசி ஊறப்போடுவதா, மரவள்ளி அவிப்பதா என்று முடிவு செய்தீர்கள் என்று போன வாரம்தான் அம்மா சொன்னீர்கள்.

அம்மா, இன்றைக்கும் அஞ்சு வெள்ளிக்குக் கறிவேப்பிலை, தேங்காய் வாங்கினாலும் 555 புத்தகத்தில் எழுதி அப்பா பக்கத்தில் வைக்கிறீர்கள். அப்பா, நீங்கள் பார்க்காமலே எடுத்து டிவி மேலே வைக்கிறீர்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட வருஷம் அம்மா மருந்து தெளிக்கவும் உதிரிப்பழம் பொறுக்கவும் போனீர்கள். அந்த முதல் சம்பளத்தைக் கணக்கோடு கொடுத்தபோது, 'ஒங்க கணக்க நான் பாக்கறதா?' என்று அப்பா புத்தகத்தை மூடிவிட்டீர்களாம்."

கவனித்துப் பாருங்கள், இதில் கஷ்டம் என்ற சொல்லே வரவில்லை. கடைசிப் பத்தியை எப்படி முடிப்பது என்று நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வாழ்த்து, வணக்கம், இறைவன் அருள் எல்லாம் ஒரு வரியில் போதும். அதற்குப் பிறகு எழுதியவர்கள் பெயர், மூத்தவர் முதல் இளையவர் வரை, மருமக்கள் பேரப்பிள்ளைகள் உட்பட. ஒரு பேரனை விட்டுவிட்டால் கடிதத்தில் இருந்த மற்ற எதுவும் யாருக்கும் நினைவில் நிற்காது.

8. வாசித்துப் பாருங்கள், அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள்

வாய்விட்டு ஒரு தடவை வாசியுங்கள். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கும்போது நீள வாக்கியத்தில் திக்கும். திக்கிய இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். அழுகை வரும் இடமும் இதில் தெரிந்துவிடும், அந்த இடத்தை வாசிக்கத் தங்கையையோ தம்பியையோ முன்கூட்டியே நியமித்துவையுங்கள்.

அச்சில் நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. கைப்பேசியில் தட்டச்சு செய்ததைப் புலனத்தில் கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் அதை எடுத்துப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுவார். அங்கே கொம்பும் காலும் இடம் மாறி "கொ" என்பது உடைந்து நிற்கும், அல்லது வெறும் கட்டம் கட்டமாக வரும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார். கடிதத்தை நீங்களே PDF ஆக்கி அனுப்புங்கள், அடிக்கும் முன் மாதிரியைக் கேட்டு வாங்கி, ஒகர ஓகார எழுத்துகளை மட்டுமாவது விரல் வைத்துப் பாருங்கள்.

எழுத்து அளவு பதினாறுக்குக் குறைய வேண்டாம், கண்ணாடி போட்டும் சிரமப்படுகிற வயது. தங்க நிறத் தாளில் பூப்போட்ட பின்னணி கேட்பார்கள், அதன் மேல் எழுத்தே தெரியாது, வெள்ளைத் தாளே சரி. சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஒரு பிரதி எடுத்தால், மடித்து வைத்துக்கொள்ள இன்னும் இரண்டு எடுங்கள், அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அந்த இரண்டையும் லேமினேட் செய்யாதீர்கள், செய்தால் பைக்குள் மடித்து வைக்க முடியாது.